காலையில் ஓடிய 7805 மதியத்தில் ஏன் விழுகிறது?

நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டக் கூடாரங்களில், சொட்டு நீரைத் திறந்து மூட ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டை வைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். சோலார் பலகையும் 12 வோல்ட் பற்றரியும் இருக்கும். அதை 5 வோல்ட்டாக இறக்கக் கடையில் மலிவாகக் கிடைக்கும் 7805 என்ற ரெகுலேட்டர் சிப்பைப் போடுகிறார்கள். "இந்தக் குளிரில் அது எங்கே சுடப்போகிறது?" என்ற நினைப்பில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

7805 மிஞ்சும் வோல்ட்டை வெப்பமாக்கித்தான் கழிக்கும். வைஃபை ஓட, ஒரு ரிலேயும் பிடித்திருந்தால் சுமார் 200 மில்லிஆம்பியர் போகும். 12-இல் 5 போனால் மீதி 7 வோல்ட், அதை 0.2 ஆம்பியரால் பெருக்கினால் 1.4 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7805, வாட்டுக்குச் சுமார் 65 பாகை ஏறும். அதாவது 91 பாகை. காலை 18 பாகைக் குளிரில், மேசையில் திறந்து வைத்துப் பார்த்தால் சிப்புக்குள்ளே 109 பாகை. தொட்டால் கை சுடும், ஆனாலும் ஓடும். அதை நம்பிக் கொண்டுபோய்ப் பூட்டிவிடுகிறோம்.

மதிய வெயிலில் கதை வேறு. சார்ஜ் ஏறும் பற்றரி 12-இல் நிற்காது, 14.4 வரை போகும். மழைக்காக இறுக மூடிய பெட்டிக்குள் 45 பாகை என்று வையுங்கள். இப்போது 9.4 வோல்ட், 1.88 வாட், 122 பாகை ஏற்றம், கூட்டினால் 167. இந்த அளவு சூட்டில் 7805 தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிடலாம், ஆறியதும் திரும்ப வரும். ஈஎஸ்பி32 திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்; வோல்ட் விழுந்துவிட்டது என்று சொல்லும் இந்த வரி சீரியல் திரையில் வரலாம்:

```
Brownout detector was triggered
```

பலர் இங்கே புரோகிராமைக் குடைவார்கள், அல்லது பற்றரியை மாற்றுவார்கள். மல்டிமீட்டரை 7805-இன் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். உள்வரும் பக்கம் 14 வோல்ட் அசையாமல் நிற்க, வெளிவரும் பக்கம் 5 விழுந்து எழுந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். பெரிய ஹீட்சிங்க் போட்டால் அந்தத் துண்டு ஆறும். ஆனால் அதே 1.88 வாட் மூடிய பெட்டிக்குள்ளேதான் கிடக்கும்.

7805-க்குப் பதிலாகப் போடக்கூடியது பக் கன்வேர்ட்டர்; அதுவும் வோல்ட்டை இறக்கும், ஆனால் மிஞ்சியதை எரிப்பதில்லை. 5 வோல்ட்டில் நமக்குத் தேவை 1 வாட். 85 சதவீதத் திறனில் வீணாவது 0.18 வாட்தான். பற்றரியிலிருந்தும் 200-க்குப் பதில் 100 மில்லிஆம்பியர் அளவே இழுக்கும். நாள் முழுக்க மூடுபனி கிடக்கும் ஊரில் எனக்கு இதுதான் பெரிய இலாபம். ஒரு சென்சருக்கு மட்டும் 20 மில்லிஆம்பியர் கொடுக்கவென்றால் 7805-ஏ போதும்.

பக் போடுபவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. கடையில் கிடைக்கும் எல்எம்2596 பக் மொடியூல்கள் பல, வெளியீடு 5-இல் வைக்கப்படாமலே வரும். அப்படியே இணைத்தால் போர்டு போய்விடும். முதலில் 12 வோல்ட்டை மட்டும் கொடுத்து, மீட்டரைப் பார்த்தபடி அந்தச் சின்னத் திருகைத் திருப்புங்கள். சிலவற்றில் பல சுற்று சுற்றிய பிறகே எண் நகரத் தொடங்கும். 5.0-இல் நின்ற பிறகு போர்டை இணைக்கலாம்.