என்டிஎஃப்எஸ் வட்டில் கோப்பு மீட்பு: முதன்மைக் கோப்பு அட்டவணையைத் தவறாகப் படிக்கும் இடங்கள்

விண்டோஸ் தன் வட்டுகளில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை என்டிஎஃப்எஸ். அத்தகைய வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் `$MFT` எனப்படும் முதன்மைக் கோப்பு அட்டவணையில் ஒரு பதிவாவது இருக்கும். பெரும்பாலான வட்டுகளில் ஒரு பதிவின் அளவு 1024 பைட்டுகள். அது `FILE` என்ற நான்கு எழுத்துகளுடன் தொடங்கும். கோப்பின் பெயர், தேதிகள், அளவு, தாய்க் கோப்புறையின் பதிவு எண், வட்டு பிரிக்கப்பட்டிருக்கும் சம அளவுத் துண்டுகளான கிளஸ்டர்களில் எவற்றில் கோப்பின் உள்ளடக்கம் இருக்கிறது என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் அந்தப் பதிவுக்குள் அடங்கியிருக்கும். கோப்பை நிரந்தரமாக அழிக்கும்போது விண்டோஸ் இந்தப் பதிவைத் துடைப்பதில்லை. பதிவின் தலைப்பகுதியில் "பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லும் ஒரு பிட்டை 0 ஆக்குகிறது, ஒரே பதிவைப் பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்கு வேறுபடுத்திக் காட்டும் வரிசை எண்ணை ஒன்று கூட்டுகிறது, கோப்புறையின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறது, பதிவும் கிளஸ்டர்களும் காலி என்று அவற்றுக்குரிய பிட்வரைபடங்களில் குறித்துவைக்கிறது. மீட்பு மென்பொருள்கள் செய்வதெல்லாம் அட்டவணையை முதலிலிருந்து கடைசி வரை படித்து, அந்த பிட் 0 ஆக இருக்கும் பதிவுகளைப் பட்டியலிடுவதுதான். ஆகவே அந்தப் பட்டியலில் தெரியும் ஒரு பெயர், பதிவு தப்பியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. உள்ளடக்கம் தப்பியதா என்பது வேறொரு கேள்வி. அதைத் தனியாகச் சோதித்தே தீர வேண்டும். மீட்பு வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால் நேர்கின்றன.

முதல் தவறு, கோப்பு அழிந்த பிறகும் அதே டிரைவைப் பயன்படுத்துவது. டிரைவில் இன்னும் 300 ஜிபி காலியாக இருப்பதால் பழைய கோப்பின் மேல் எதுவும் எழுதப்படாது என்று பலர் கணக்கிடுகிறார்கள். கிளஸ்டர்களைப் பொறுத்தவரை இக்கணக்கில் ஓரளவு நியாயம் உண்டு. பதிவுகளைப் பொறுத்தவரை அறவே இல்லை. புதிய கோப்பு உருவாகும்போது என்டிஎஃப்எஸ் அட்டவணையை நீட்டுவதற்கு முன், ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் பதிவுகளையே எடுத்துக்கொள்ளும்; சற்று முன் அழிந்த கோப்பின் பதிவும் அவற்றில் ஒன்று. ஒரே ஒரு சிறிய தற்காலிகக் கோப்பு போதும். அந்த 1024 பைட்டுகளில் புதிய பெயரும் புதிய கிளஸ்டர் குறிப்பும் வந்து உட்கார்ந்துவிடும். உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று சொல்ல இனி எதுவும் இருக்காது. அழிந்த கோப்பு `C:` டிரைவில் இருந்ததானால், உலாவியைத் திறந்து மீட்பு மென்பொருளைத் தேடுவதே கேச் கோப்புகளாகப் பல பதிவுகளை விழுங்கிவிடும். அத்தகைய நிலையில் கணினியை அணைத்து, வட்டை வேறொரு கணினியில் இணைத்து, முழு வட்டையும் பிட்டுக்குப் பிட் நகலெடுத்த பிம்பம் ஒன்றை உருவாக்கி, அந்தப் பிம்பத்தின் மேல்தான் தேட வேண்டும். `chkdsk /f` ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் இங்கே ஆபத்தானது. உயிருள்ள கோப்புகளின் கட்டமைப்பைச் சீராக்குவது அதன் வேலை. அழிந்த பதிவுகளை அது மீட்டுத் தராது, ஆனால் வட்டில் எழுதும்.

இரண்டாவது தவறு, கோப்பைப் பழைய பெயரால் தேடுவது. ரீசைக்கிள் பின் வழியாகப் போன கோப்புக்கு இந்தத் தேடல் பலன் தராது. உதாரணமாக, `D:\Accounts\GST_2023.xlsx` என்ற கோப்பை ஒருவர் Delete விசையால் அழித்துப் பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்கிறார் என்று கொள்வோம். முதல் கட்டத்திலேயே விண்டோஸ் அதை `D:\$Recycle.Bin` என்ற மறைவான கோப்புறைக்கு நகர்த்தி, `$R7KQ2MX.xlsx` என்பதைப் போன்ற ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறது. `.xlsx` என்ற நீட்சி மட்டும் மாறுவதில்லை. பின்னைக் காலி செய்யும்போது முதன்மைக் கோப்பு அட்டவணையில் தங்குவது இந்தப் புதிய பெயர்தான். ஆகவே மீட்பு மென்பொருளில் `GST` என்று தேடினால் ஒன்றும் வராது. கோப்பு போய்விட்டது என்று முடிவு கட்டி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் அதே நேரத்தில் `$I7KQ2MX.xlsx` என்ற இணைக் கோப்பு ஒன்றையும் விண்டோஸ் உருவாக்கியிருக்கும். `$I`, `$R` இரண்டுக்கும் அடுத்து வரும் ஆறு எழுத்துகள் ஒன்றே. இந்த இணைக் கோப்பில் மூலக் கோப்பின் அளவும், அழித்த நேரமும், பழைய முழுப் பாதையும் உள்ளன. இது மிகச் சிறியதாதலால் பெரும்பாலும் இதன் உள்ளடக்கம் முழுவதும் தன் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும். தனியாக கிளஸ்டர் தேவைப்படாது. எனவே பின்னைக் காலி செய்த பிறகும் அந்தப் பதிவு மறுபயன்பாட்டுக்குப் போகாதவரை பழைய பாதையை முழுமையாகப் படிக்க முடிகிறது. முதலில் `$I` என்று தொடங்கும் அழிந்த பதிவுகளை எல்லாம் மீட்டு, எந்த ஆறெழுத்துக் குறிக்கு எந்தப் பாதை என்று பார்த்து, பிறகு அதே குறியுள்ள `$R` கோப்பை எடுப்பதே சரியான வரிசை. ஒரு முழுக் கோப்புறையை அழித்திருந்தால் நிலைமை இன்னும் எளிது, ஏனெனில் அப்போது கோப்புறைக்கு மட்டுமே `$R` பெயர் வரும். உள்ளே இருக்கும் கோப்புகள் தங்கள் சொந்தப் பெயருடனேயே இருக்கும். Shift+Delete கொடுத்து அழித்தவற்றுக்கும் பெயர் மாறுவதில்லை.

மூன்றாவது தவறு, மென்பொருள் "சிறந்த நிலை" என்றோ 100% என்றோ காட்டுவதை அப்படியே நம்புவது. அந்த மதிப்பீடு எப்படி வருகிறது என்பதை மேற்கண்ட கோப்பைக் கொண்டே பார்க்கலாம். அதன் பதிவில் அளவு 171508 பைட்டுகள் என்றும், கிளஸ்டர் குறிப்பு பதினாறடிமான எண்களில் கீழ்க்கண்டவாறும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
31 2A 10 5C 03 00
```

முதல் பைட்டான `31` என்பதன் வலப்பக்க இலக்கம், நீளத்தைச் சொல்ல ஒரு பைட் என்கிறது. இடப்பக்க இலக்கம், இடத்தைச் சொல்ல மூன்று பைட் என்கிறது. நீளம் `2A`, அதாவது 42 கிளஸ்டர்கள். அடுத்த மூன்று பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் `035C10`, அதாவது 220176. கடைசி `00` குறிப்பு முடிந்தது என்பதற்கு அடையாளம். ஆக 220176ஆம் கிளஸ்டரிலிருந்து தொடர்ச்சியாக 42 கிளஸ்டர்களில் கோப்பு இருந்தது. ஒரு கிளஸ்டர் 4096 பைட்டுகள் என்றால் 172032 பைட்டுகள் வருகின்றன, கோப்பின் அளவுக்கு இது பொருந்துகிறது. பல மென்பொருள்கள் இந்த 42 கிளஸ்டர்களும் `$Bitmap` எனப்படும் கிளஸ்டர் பிட்வரைபடத்தில் காலி என்று குறிக்கப்பட்டுள்ளனவா என்று மட்டுமே பார்த்து மதிப்பெண் போடுகின்றன. இன்றைக்குக் காலியாக இருக்கும் கிளஸ்டரில் நேற்று வேறொரு தற்காலிகக் கோப்பு எழுதப்பட்டு அதுவும் அழிந்திருக்கலாம். இடையில் அப்படி எழுதப்பட்டது பிட்வரைபடத்தில் தெரியாது. ஒரு கிளஸ்டர் இப்போது பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால் அது பறிபோனது என்று உறுதியாகக் கொள்ளலாம். காலியாகக் காட்டினால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

எனவே உள்ளடக்கத்தையே நேரில் பார்க்க வேண்டும். `.xlsx` கோப்பு உண்மையில் ஒரு ஸிப் தொகுப்பு என்பதால், 220176ஆம் கிளஸ்டரின் முதல் நான்கு பைட்டுகள் `50 4B 03 04` என்று இருக்க வேண்டும். தொடக்கம் சரியாக இருப்பது மட்டும் போதாது. ஸிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது. 42ஆவது கிளஸ்டரின் பிற்பகுதியில் `50 4B 05 06` என்ற பைட்டுகள் தென்பட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் எக்செல் கோப்பைத் திறக்க மறுத்தால், நடுவில் எங்கோ மேலெழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வட்டில் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகளுக்கு இன்னொரு இடரும் உண்டு: கிளஸ்டர் குறிப்பு ஒரே பதிவில் அடங்காமல் பல பதிவுகளில் பரவியிருக்கும், அவற்றில் ஒன்று மறுபயன்பாட்டுக்குப் போனாலும் கோப்பின் அந்தப் பகுதிக்கு வழி தெரியாமல் போய்விடும்.

நான்காவது தவறு, எஸ்எஸ்டியையும் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் ஒன்றாக நடத்துவது. விண்டோஸ் 7 முதல், கோப்பு அழிந்தவுடன் அதன் கிளஸ்டர்கள் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்கு டிரிம் கட்டளை அனுப்பப்படுகிறது. அது இயங்குகிறதா என்பதைப் பின்வரும் கட்டளையால் அறியலாம். விடை 0 என்றால் இயங்குகிறது.

```
fsutil behavior query DisableDeleteNotify
```

டிரிம் நிறைவேறிய பின் அந்தக் கிளஸ்டர்களைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யங்களையே தருகின்றன. ஆனால் `$MFT` உயிருள்ள கோப்பாதலால் அதன் கிளஸ்டர்களுக்கு டிரிம் போவதில்லை. விளைவு மிகவும் ஏமாற்றமளிக்கக் கூடியது: பெயர், தேதி, அளவு எல்லாம் கச்சிதமாகத் தெரியும், மீட்ட கோப்பும் 171508 பைட்டுகளாகவே வரும், உள்ளே முதலிலிருந்து கடைசி வரை `00` மட்டுமே இருக்கும். எஸ்எஸ்டியில் மீட்கத் தொடங்கும் முன் ஒரு கோப்பை மட்டும் எடுத்து, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்துவிட்டால், பல மணி நேரத்து வீண் வேலையும் வீண் நம்பிக்கையும் மிச்சமாகும்.

இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. சுமார் 700 பைட்டுகளுக்கு உட்பட்ட கோப்புகளின் உள்ளடக்கம் பொதுவாகப் பதிவுக்குள்ளேயே இருப்பதால், டிரிம் அவற்றைத் தொடுவதில்லை. சிறிய குறிப்புக் கோப்புகள், `.ini` அமைப்புக் கோப்புகள், மேலே சொன்ன `$I` கோப்புகள் ஆகியவை எஸ்எஸ்டியிலும் மீள்வது இதனால்தான். இவற்றை ஹெக்ஸ் எடிட்டரிலிருந்து கையால் நகலெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதும்போது பதிவு முழுமையாக வட்டில் சேர்ந்ததா என்று சோதிப்பதற்காக, என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு 512 பைட் பகுதியின் கடைசி இரண்டு பைட்டுகளை எடுத்துப் பதிவின் தலைப்பகுதியில் வைத்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஒரு சோதனை எண்ணை வைக்கிறது. பதிவின் 510, 511ஆம் பைட்டுகள் கோப்பின் உள்ளடக்கத்துக்குள் விழுந்தால், அப்படியே நகலெடுத்த கோப்பில் அவ்விரண்டும் தவறாக இருக்கும். தலைப்பகுதியிலிருந்து உண்மையான பைட்டுகளை எடுத்து அங்கே திருப்பி வைக்க வேண்டும். நல்ல மென்பொருள்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன.

கடைசியாக, மென்பொருள் காட்டும் கோப்புறைப் பாதையையும் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது. அழிந்த பதிவில் தாய்க் கோப்புறையின் பெயர் இல்லை. அதன் பதிவு எண்ணும், அன்றைய வரிசை எண்ணும் மட்டுமே உள்ளன. கோப்பு 41210ஆம் பதிவை வரிசை எண் 3 உடன் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவு காலியாக, வரிசை எண் 4 உடன் இருந்தால், அழிந்தது அதே கோப்புறைதான். அழிவினால் எண் ஒன்று கூடியிருக்கிறது. அதே 4 உடன் அது பயன்பாட்டில் இருந்தால், வேறொரு கோப்போ கோப்புறையோ அங்கே குடியேறிவிட்டது, பழைய பாதையை அதிலிருந்து அறிய வழியில்லை. வரிசை எண்ணைப் பார்க்காத மென்பொருள், ஒருவரின் கணக்குக் கோப்பை வேறொருவரின் கோப்புறைக்குள் இருந்ததாகக் காட்டிவிடும். அலுவலக விசாரணை போன்ற இடங்களில் ஒரு கோப்பு யாருடைய கோப்புறையில் இருந்தது என்று எழுத்தில் தருவதற்கு முன், இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டிருக்க வேண்டும்.