கேட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: பட்டறையின் தொழில் உரிமத்தைச் சரிபார்ப்பது

லீவில் வந்த இடத்தில் பாளையங்கோட்டை வீட்டுக்குக் கிரில் கேட் போட வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் பாதிப் பணம் முன்னால் கேட்கிறார். தனி ஆள் நடத்தும் தொழிலுக்குக் கம்பெனிகளைப் போல ஒரே பதிவேடு நம் நாட்டில் கிடையாது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது உள்ளாட்சி கொடுக்கும் தொழில் உரிமம்தான்.

அதை யார் கொடுத்தது என்பதை முதலில் பாருங்கள். திருநெல்வேலி மாநகராட்சிக்குத் தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு மண்டலங்கள். பட்டறை எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். அம்பையும் களக்காடும் நகராட்சிகள், சேரன்மகாதேவி பேரூராட்சி. "நெல்லைப் பட்டறை" என்று போர்டில் இருந்தாலும் கடை எல்லைக்கு வெளியே இருந்தால் மாநகராட்சியில் அதன் பெயர் இருக்காது. அதற்காக ஆளைச் சந்தேகப்பட வேண்டாம்.

உரிமத்தில் பார்க்க வேண்டியவை உரிமையாளர் பெயர், கதவு எண், என்ன தொழில், எந்த நாள் வரை செல்லும் என்பவை. அந்த உரிமம் ஒரு ஆளுக்கும் ஒரு இடத்துக்கும் ஒரு தொழிலுக்கும் சேர்த்துக் கொடுத்தது. போர்டில் உள்ள பெயருக்கு அதில் பெரிய மதிப்பில்லை.

ஒரு உதாரணம். உரிமம் அப்பா பெயரில், கதவு எண் பழைய கடையுடையது. பேரம் பேசுவது மகன், பணம் போடச் சொல்லும் கணக்கு மருமகளுடையது. குடும்பத் தொழிலில் இது சகஜம், மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட் வராவிட்டால் யாரைக் கேட்பது? அண்ணாச்சி முகம் கோணினாலும் பரவாயில்லை, ரசீதை உரிமத்தில் உள்ளவர் பெயரில் கையெழுத்தோடு வாங்குங்கள், பணத்தையும் அவர் கணக்கிலேயே போடுங்கள்.

ஜிஎஸ்டி எண் கொடுத்தால் வேலை சுலபம். services.gst.gov.in தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், தொழில் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் தெரியும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். அதன் ஆறாவது எழுத்து P என்றால் ஒரு தனிநபரின் பான் எண்ணில் எடுத்தது. எண் இல்லை என்பதும் குற்றமில்லை, சின்னப் பட்டறைகள் பல ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்பை எட்டுவதில்லை.

உரிமத்தைக் காட்டாமல் நழுவினால் அதன் எண்ணையாவது வாங்கி, மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். அங்கும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். மனுப் போடுபவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், எனவே வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஊரில் உள்ள சொந்தக்காரர் பெயரில் போடச் சொல்லுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. உங்கள் லீவு அதற்குள் முடிந்துவிடும் என்றால், அட்வான்ஸை இரும்பு வாங்கும் அளவுக்கு மட்டும் குறைத்துக் கொடுங்கள்.