ஜி.பி.ஏ. 7.88, ஆனால் கணிதத்தில் அரியர்: ரிசல்ட் மெயிலைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்லும்போது நேரும் தவறுகள்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் வகுப்பு ஆலோசகராக இருக்கிறேன். செமஸ்டர் முடிவு வந்தால், ஆங்கிலத்தில் வரும் கிரேடு விவரத்தையும் மறுமதிப்பீட்டு அறிவிப்பையும் தமிழில் எழுதிப் பெற்றோருக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. மாணவர்கள் தாங்களே வீட்டுக்கு எழுதிக் காட்டுவதும் உண்டு. இரண்டிலும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறோம்.

முதல் இடம் "கோர்ஸ்" என்ற சொல். பல்கலைக்கழக விதிகளில் கோர்ஸ் என்றால் ஒரு பாடம், அவ்வளவுதான். நான்கு வருட பி.இ. முழுவதற்கும் அவர்கள் வைத்திருக்கும் சொல் புரோகிராம். வெளியே நாம் பேசுவது இதற்கு நேர்மாறு. "என்ன கோர்ஸ் படிக்கிறே?" என்று கேட்டால் பி.இ. என்று பதில் வரும். அதனால் மெயிலில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, "உங்கள் மகள் ஒரு படிப்பில் தேர்ச்சி பெறவில்லை" என்று எழுதிவிடுகிறோம். அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு ஒரு அம்மா போனில் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அப்போ பி.இ. போயிடுச்சா சார்?" போகவில்லை. ஒரே ஒரு பாடம்தான் நின்றிருந்தது. கோர்ஸ் என்று எங்கே வந்தாலும் பாடம் என்று எழுதுங்கள், கையோடு பாடத்தின் பெயரையும் போடுங்கள்.

கிரெடிட் என்பதைக் கடன் என்று எழுதுவதும் இதே வகை. "ஈட்டிய கடன் 17" என்று படித்தால், வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருக்கும் அப்பாவுக்கு நெஞ்சு திக்கென்று ஆகும். கிரெடிட் என்றே விட்டுவிட்டு, "வாரத்தில் எத்தனை மணி நேரம் நடக்கும் பாடம் என்பதை வைத்து ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுக்கும் எடை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கிரேடு எழுத்துகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். O என்பது இருப்பதிலேயே உயர்ந்த கிரேடு, 10 புள்ளி. மதிப்பெண் பட்டியல் என்ற நினைப்போடு பார்ப்பவர்களுக்கு அது பூஜ்யமாகத் தெரியும். U என்பது அந்தப் பாடத்தை மறுபடி எழுத வேண்டும் என்பதற்கான குறி. பழைய விதிப்படி படித்தவர்களுக்கு அதே இடத்தில் RA என்று வரும். இரண்டுக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லோருக்கும் புரியும் சொல் அரியர். "மறுதோற்றம்" என்றெல்லாம் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டாம். SA என்று இருந்தால் அது வேறு விஷயம்: வருகைப் பதிவு போதவில்லை, தேர்வு எழுதவே அனுமதி இல்லை என்று அர்த்தம். அங்கே மறுமதிப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

அப்புறம் ஜி.பி.ஏ., அதாவது கிரெடிட்டை எடையாக வைத்துப் போடும் கிரேடு புள்ளிகளின் சராசரி. பெற்றோரை அதிகம் குழப்புவது இதுதான். மூன்றாம் செமஸ்டர் மாணவி ஒருவரின் முடிவை, எண்களைச் சற்று எளிமையாக்கிச் சொல்கிறேன். மொத்தம் ஏழு பாடங்கள். நான்கு கிரெடிட் கணிதத்தில் U. மற்ற நான்கு எழுத்துத் தேர்வுகளில், மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டில் A, அதாவது 8 புள்ளி. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் B+, 7 புள்ளி. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் B, 6 புள்ளி. இரண்டு கிரெடிட் லேப் இரண்டிலும் O. கிரெடிட்டையும் புள்ளியையும் பெருக்கிக் கூட்டினால் 134 வரும். தேறிய பாடங்களின் கிரெடிட் 17. கணக்கு இப்படி:

```
(24 + 24 + 28 + 18 + 20 + 20) / 17 = 134 / 17 = 7.88
```

கணிதத்தின் நான்கு கிரெடிட் இந்த வகுத்தலில் சேரவே இல்லை. U வாங்கிய பாடத்தை ஜி.பி.ஏ. கணக்கில் எடுப்பதில்லை என்பது விதி. "ஜி.பி.ஏ. 7.88" என்பதை மட்டும் மேலே எழுதி அனுப்பினால், வீட்டில் "78 மார்க், நல்ல மார்க்தானே" என்று நிம்மதியாகிவிடுவார்கள். பத்து நாள் கழித்து அரியர் என்று தெரியவரும்போது மகள் மறைத்துவிட்டாள் என்ற கோபம் வரும். அவள் எதையும் மறைக்கவில்லை. எழுதிய வரிசைதான் தவறு. எத்தனை பாடம் எழுதினாள், எத்தனை தேறினாள், எது நின்றது என்பது முதல் வரியில் வர வேண்டும். ஜி.பி.ஏ. அதற்குப் பிறகு, "தேறிய ஆறு பாடங்களுக்கு மட்டும்" என்ற சொற்களோடு வர வேண்டும். 8 புள்ளியை 80 மார்க் என்று மாற்றி எழுதவும் கூடாது. அந்தத் தாளில் மார்க்கே கிடையாது, கிரேடு மட்டும்தான்.

இனி மறுமதிப்பீட்டு அறிவிப்பு. இங்கே தவறினால் தேதி போய்விடும், அதனால் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். அண்ணா பல்கலைக்கழக நடைமுறையில் மூன்று படிகள் உண்டு, ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போக முடியும். முதலில், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்ததும் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியர் அதைத் திருத்தி, கேள்வி வாரியாக மார்க் போட்டு, மறுமதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பேரில் இரண்டாவது படியாக மறுமதிப்பீடு. அதிலும் திருப்தி இல்லாதவர்களுக்கு மூன்றாவதாக ரிவ்யூ. எல்லாமே கல்லூரி வழியாகத்தான் போகும். எழுத்துத் தேர்வுகளுக்கு மட்டும்தான், லேபுக்குக் கிடையாது.

இதைத் தமிழில் எழுதும்போது, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே சொல்லால் மறுமதிப்பீடு என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர்களுக்கு ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கேட்பதுபோல் இருக்கிறது. ரிவ்யூவை ரிவ்யூ என்றே விடலாம், இல்லையென்றால் "மறுமதிப்பீட்டுக்குப் பிறகான கடைசி மேல்முறையீடு" என்று விளக்கலாம். மறுமதிப்பீட்டை "மறுதேர்வு" என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம், பிள்ளை மறுபடி தேர்வு எழுதப் போகிறது என்று நினைத்துவிடுவார்கள். எழுதிய அதே தாளை வேறொருவர் திருத்துவதுதான் மறுமதிப்பீடு. பிளஸ் டூ முடிவுகள் வரும்போது விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்ற சொற்களைப் பெற்றோர் செய்தித்தாளில் பார்த்திருப்பார்கள். அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள்.

ஆனால் நகல் என்று மட்டும் எழுதாதீர்கள். "நகலுக்கு விண்ணப்பிக்கவும்" என்ற செய்தியைப் பார்த்து, ஒரு அப்பா மதிப்பெண் பட்டியலை நான்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம், ஒரு நாள் கூலியும் போனது. "உங்கள் மகள் தேர்வில் எழுதிய விடைத்தாளின் நகல்" என்று முழுதாக எழுதியிருந்தால் அவர் வந்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று "மட்டும்" என்ற சொல் நிற்கும் இடம். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும் என்று மெயிலில் இருக்கும். "நகல் வாங்கியவர்கள் மறுமதிப்பீட்டுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம்" என்று எழுதிவிட்டால் பொருளே மாறிவிடுகிறது. "இப்போது நகலுக்கு விண்ணப்பிக்காவிட்டால், பிறகு மறுமதிப்பீடு கேட்கவே முடியாது" என்று எழுதுங்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லும்போதுதான் நிபந்தனை தெளிவாகப் புரிகிறது.

முன்னே சொன்ன மாணவிக்கு வருவோம். உள்மதிப்பெண்ணில் 40-க்கு 34 வைத்திருந்தாள். விடைத்தாள் நகலில் கணிதத் தேர்வுக்கு 100-க்கு 42 இருந்தது. அதை 60-க்கு மாற்றினால் 25.2. இரண்டையும் கூட்டினால் 59. "பாஸ் மார்க் 50-ன்னுதானே சொன்னீங்க, 59 எடுத்தும் எப்படி ஃபெயில்?" என்று அவள் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எனது செய்தியில் விதியின் பாதியைத்தான் எழுதியிருந்தேன். மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். அவளுக்குக் குறைந்தது மூன்றே மார்க். 16 மார்க் கேள்வி ஒன்றில் படிகள் எல்லாம் சரியாக இருந்து, கடைசி வரியில் ஒரு கூட்டல் பிழை. அதற்கு 6 போட்டிருந்தார்கள், பாட ஆசிரியர் 11 போட்டுப் பரிந்துரைத்தார். மறுமதிப்பீட்டில் U மாறி B+ ஆனது.

வீட்டில் சந்தோஷம், ஆனால் ஜி.பி.ஏ. குறைந்துவிட்டது. கணிதத்தின் 28 புள்ளி சேர்ந்து 162, கிரெடிட் 21, வகுத்தால் 7.71. பாஸ் ஆன பிறகு எப்படிக் குறையும் என்று மறுபடி போன் வந்தது. முதல் செய்தியிலேயே "தேறிய பாடங்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் இந்த போனும் வந்திருக்காது.

இப்போதெல்லாம் நான் அனுப்புவது இந்த வடிவத்தில்தான். தேதி, தொகை இரண்டையும் மெயிலில் பார்த்து ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன். தேதியோடு கிழமையும் போடுகிறேன்.

"வணக்கம். உங்கள் மகள் மூன்றாம் செமஸ்டரில் ஏழு பாடங்கள் எழுதி, ஆறில் தேறியிருக்கிறார். கணிதத்தில் மட்டும் அரியர். தேறிய ஆறு பாடங்களுக்கு ஜி.பி.ஏ. 7.88. கணிதத் தேர்வில் அவர் எழுதிய விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்க்கலாம். விருப்பம் இருந்தால் பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பித்து 300 ரூபாய் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமையும் கட்டலாம். இந்தத் தேதி தவறினால் மறுமதிப்பீடு கேட்க முடியாது. மறுமதிப்பீட்டுக்கான கட்டணம் தனி, அதை இப்போது கட்ட வேண்டாம். நகல் வந்ததும் கணித ஆசிரியர் பார்த்துவிட்டு, மறுமதிப்பீடு கேட்கலாமா என்று சொல்வார். நீங்கள் நேரில் வரத் தேவையில்லை, மகளே விண்ணப்பித்துக்கொள்வார்."