கவரிங் கம்மலா? தண்டைப் பார்த்து வாங்குங்கள்

வேலூர் லாங் பஜார் பக்கம் நான் கவரிங் வியாபாரம் செய்கிறேன். புதிதாக வாங்க வருபவர்கள் நகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கல் ஆடுகிறதா, நிறம் தூக்கலாக இருக்கிறதா, கியாரண்டி எத்தனை மாதம் என்று கேட்பார்கள். அதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பார்க்காமல் விடுவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முகப்பைப் பார்த்துக் கம்மல் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான்.

பித்தளை மேல் நேராகத் தங்க முலாம் பூசினால், அடியிலுள்ள செம்பு மெல்ல மேலே ஏறி நிறத்தை மங்கவைக்கும். அதைத் தடுக்கத்தான் பல பட்டறைகளில் முதலில் நிக்கல் பூச்சு கொடுத்து, அதன்மேல் தங்கம் ஏற்றுகிறார்கள். பளபளப்பும் கூடும், நிறமும் நிற்கும். ஆக, நிறம் நன்றாக நிற்கும் நகையின் அடியில் நிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே தங்கம் முழுசாக மூடியிருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. அது தேய்ந்த இடத்தில் வியர்வை உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் விடும்.

கம்மலில் முதலில் தேய்வது முகப்பு இல்லை, காதுக்குள் போகும் தண்டு. ஒவ்வொரு முறை திருகாணி ஏறி இறங்கும்போதும் மரையில் இருக்கும் முலாம் உரசிப் போகிறது. அந்தத் தண்டு இருப்பதோ துளைக்குள், ஈரத்தில், நாள் முழுக்க.

ஒரு அம்மா, காது குத்திக் கொஞ்ச நாளே ஆன மகளுக்கு ஜிமிக்கி வாங்கிப் போட்டிருந்தார். காது சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்பளித்து நீர் வடிந்தது. சீழ் பிடித்ததாக நினைத்து மஞ்சள் பூசியிருக்கிறார். ஆறாததால் இன்னொரு கவரிங் ஜோடியை மாற்றியிருக்கிறார். அரிப்பு இன்னும் கூடிவிட்டது. "ஆறு மாச கியாரண்டி போட்டுக் குடுத்தாங்கக்கா, கலர் அப்படியே இருக்கு பாருங்க" என்றார். கலர் அப்படியேதான் இருந்தது. கியாரண்டி நிறத்துக்குத்தான், தோலுக்கு இல்லை.

நிக்கல் டெஸ்ட் கிட் என்று ஆன்லைனில் கிடைக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலும் அம்மோனியாவும் சேர்ந்தது. பஞ்சுக் குச்சியில் சொட்டு விட்டு நகையில் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். பஞ்சு ரோஸ் நிறமானால் நிக்கல் வெளியே வருகிறது. அந்த ஜிமிக்கியின் முகப்பில் தேய்த்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. தண்டில் தேய்த்தது நல்ல ரோஸ் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: புது நகையில் பஞ்சு வெள்ளையாக இருந்தால் முழுக்க நம்பிவிடக் கூடாது. சில நாள் போட்டுத் தேய்ந்தபிறகு இன்னொரு முறை பாருங்கள். சோதித்த நகையைக் கழுவித் துடைத்தபின்தான் போட வேண்டும்.

நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அப்புறம் ஜீன்ஸ் பொத்தான், வாட்ச் பக்கிள் பட்டாலும் அரிக்கும். அதனால்தான் புதுத் துளையில் கவரிங் தண்டே வேண்டாம் என்கிறேன். 22 காரட் தங்கத் தண்டு அல்லது டைட்டானியம் போடுங்கள். பிடித்த ஜிமிக்கிக்குத் தங்கத் தண்டு வேண்டுமென்றால், முலாம் போடும் முன்பே ஆர்டரில் சொல்ல வேண்டும். பூசி முடித்தபின் பற்றவைத்தால் சூட்டில் முலாம் கருக்கும், ஒட்டிய கல்லும் கழன்றுவிடும்.

நிக்கல் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது

பயனில்லை. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. நிக்கல் இருந்தும் காந்தம் அதை இழுக்காது.

பச்சைக் கறையைப் பார்த்து அலர்ஜி என்று பயப்படுவது

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மே வெயிலில் கவரிங் செயின் போட்டுப்போய் வந்தால் கழுத்தில் பச்சை படியும். அது செம்பும் வியர்வையும் சேர்ந்த கறை, சோப்பில் போய்விடும். முலாம் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். நிக்கலின் வேலை வேறு. பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, நகை பட்ட இடத்தில் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். கழற்றினால் மெல்ல அடங்கும், திரும்பப் போட்டால் திரும்ப வரும். இப்படி வந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். நிக்கல் போன்ற பொருட்களைக் கொஞ்சமாக முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள்.

'ஒரு கிராம் கோல்டு' என்றால் ஒரு கிராம் தங்கம் என்று நினைப்பது

இல்லை. அது வியாபாரப் பெயர். முலாம் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்.

பழைய நகைக்கு மறு பாலிஷ்

இதுவரை ஒத்துக்கொண்ட வளையல் பாலிஷ் போட்டு வந்தபின் அரிக்கிறதென்றால், புதிதாக அடியில் நிக்கல் ஏற்றியிருக்கக்கூடும். கொடுக்கும்போதே நிக்கல் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். நிறம் சீக்கிரம் மங்கும், அதற்குத் தயாராக இருங்கள்.