பள்ளிப் பாடல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பள்ளிப் பாடல் எழுதுகிறவர்கள் வரிகளைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம், நான் எழுதத் தொடங்கிய காலத்தில் பார்த்த அதே தவறுகள்தாம் மறுபடி கண்ணில் படுகின்றன. எழுத்துப் பிழை, எதுகை விட்டுப்போவது போன்றவற்றைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அவை யார் படித்தாலும் தெரிந்துவிடும். ஆறு வயதுக் குழந்தையும் பதினேழு வயது மாணவரும் ஒரே வரிசையில் நின்று பாடும்போது மட்டும் வெளிப்படும் தவறுகள் சில உண்டு. அவற்றுக்காகத்தான் இது.

எழுத்தை எண்ணி மெட்டில் வைப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒரு பள்ளியில் மெட்டு முதலில் அமைந்துவிட்டது. அதன் சந்தம் இது:

தானன தானன தானன தானா

ஒவ்வொரு சீரிலும் முதல் அசை நீளும். ஆதி தாளத்தில் ஒரு வரி ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தட்டு. ஒரு சீருக்கு இரண்டு தட்டு. இதற்கு ஓர் இளம் ஆசிரியர் எழுதிக் கொண்டுவந்த வரி:

கலைகள் பலவும் பயில வாரீர்

படித்தால் நல்ல வரி. ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் சீருக்கு மூன்று, மூன்று, மூன்று, கடைசியில் இரண்டு. சந்தத்திலும் அதே எண்ணிக்கைதான். சரியாகப் பொருந்திவிட்டது என்று அவர் நம்பினார். ஆனால் அந்த மெட்டில் முதல் அசை இரண்டு மாத்திரை நீள்கிறது. அவர் அங்கே வைத்தவை க, ப, ப என்று மூன்றும் ஒரு மாத்திரைக் குறில்கள். பாடியபோது வந்தது இது:

காலைகள் பாலவும் பாயில வாரீர்

கலை காலையாகிவிட்டது, பலவும் பாலவும் ஆகிவிட்டது, பயில்வது பாய்க்குப் போய்விட்டது. பெரிய வகுப்பு மாணவர்களிடம் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. அவர்கள் தாளைப் பார்த்துப் படித்தவர்கள். வாய் காலை என்று நீட்டினாலும் மனம் கலை என்றே எடுத்துக்கொள்ளும். முதல் வகுப்புக் குழந்தைக்குத் தாள் இல்லை, காது மட்டும்தான். அது கேட்டதையே பாடும், கேட்டதையே நம்பும். அந்தப் பள்ளியில் பாடலைப் பதிவுசெய்து, அச்சடித்து, எல்லா வகுப்புக்கும் கற்றுக்கொடுத்த பிறகுதான் இது யாரோ ஒருவர் காதில் பட்டது. அப்புறம் வரியை மாற்றினார்கள். மாற்றி என்ன பயன்? வாய்க்குப் பழகிய வரியைச் சின்னக் குழந்தைகள் விடவில்லை. வெகுநாள் வரை இரண்டு வரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. சேர்ந்து பாட முடியாத பாடலில் ஒற்றுமையைப் பற்றிய வரி இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

எழுத்தை எண்ணக் கூடாது, மாத்திரையை எண்ண வேண்டும். சந்தக் கணக்கில் குறில் ஒன்று, நெடில் இரண்டு, குறிலோடு ஒற்று சேர்ந்தால் அதுவும் இரண்டு. சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகி ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கில் அதே மெட்டுக்கு இப்படி எழுதலாம்:

நாளொரு நூலினை ஓதிடு வோமே
தோளொடு தோளென நின்றிடு வோமே

நா, நூ, ஓ, தோ எல்லாம் பிறவியிலேயே நெடில். மெட்டு நீட்டும் இடத்தில் சொல்லும் தானாக நீள்கிறது. பொருள் மாற வழியே இல்லை. நாளொரு, தோளொடு என்று எதுகையும் விழுந்துவிட்டது. சின்னக் குழந்தை முதல் வரியைப் பிடித்துக்கொண்டால் இரண்டாவது வரி அந்த ஒலியைத் தொட்டுக்கொண்டே வரும்.

இதில் நின்றிடு என்பதைத் தனியாகக் கவனியுங்கள். நி குறில்தான். ஆனால் ன் அதற்குத் துணை நிற்கிறது. ன், ம், ல் போன்ற மெல்லின, இடையின ஒற்றுகளை வாய்க்குள் முனகி நீட்டலாம். க், ட், ப், ற் போன்ற வல்லின ஒற்றுகளை அப்படி நீட்ட முடியாது, மூச்சு அங்கேயே அடைபடும். அதனால் நீளும் சுவரத்தில் ‘கற்றிடு’ என்று வைத்தால் பாதிக் குழந்தைகள் சட்டென்று நிறுத்துவார்கள், மீதிப் பேர் ‘காற்றிடு’ என்பார்கள். கணக்கில் ‘நின்’, ‘கற்’ இரண்டுமே இரண்டு மாத்திரைதான்; வாயில் அப்படி இல்லை. கற்பதையும் ஒற்றுமையையும் பாட வருகிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் சொற்கள் இரண்டிலும் வல்லின ஒற்று உட்கார்ந்திருப்பதால் இந்த இடத்தில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். அச்சொற்களை விலக்க வேண்டியதில்லை. மெட்டு விரைந்து செல்லும் இடத்தில் வைத்தால் போதும்.

சோதிப்பது எளிது. வரியை எழுதிக் காட்டாமல், பள்ளியிலேயே மிகச் சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று முறை பாடிக் காட்டுங்கள். பிறகு பாடச் சொல்லாதீர்கள், வெறுமனே சொல்லச் சொல்லுங்கள். அது எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அதுதான் உங்கள் வரி. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவது

கடைசி வரி எழுச்சியாக இருக்க வேண்டும் என்று மேல் ஸட்ஜத்தைத் தாண்டிக் கொண்டுபோகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்களால் அங்கே போக முடியாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடுவார்கள், இல்லையென்றால் வாயை மட்டும் அசைப்பார்கள். இரண்டு கட்டைச் சுருதியில் மத்திய ஸட்ஜத்திலிருந்து தைவதத்துக்குள் பாட்டை முடித்துக்கொண்டால் சின்னவர்களுக்கும் இடறாது, உடைந்த குரல்களில் பலவும் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளும். மேலே எட்டும் அந்த ஓரிரு இடங்களில் ஆ, ஓ, ஏ போன்ற வாய் திறக்கும் நெடில்களை வையுங்கள். ‘வீதி’, ‘ஊர்’ போன்ற சொற்களைத் தாழ்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். உயரத்தில் ஈயும் ஊவும் குழந்தைத் தொண்டையில் இறுகிவிடும்.

ஒரே வயதுக்கு எழுதுவது

‘சின்னஞ்சிறு சிட்டுகள்’ என்று தொடங்கும் பாட்டைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தலை குனிந்துகொண்டு பாடுவார். ‘நாளைய உலகை ஆளப் பிறந்தோம்’ என்பது முதல் வகுப்புக்கு வெறும் ஓசை. இருவரும் செய்யக்கூடிய செயலைத் தேடுங்கள்: நூலைத் திறப்பது, கேள்வி கேட்பது, பக்கத்தில் இருப்பவரோடு நிற்பது. ‘நீ’ வேண்டாம், ‘நாம்’ போதும்.

மூச்சுக்கு இடம் விடாதது

மேலே எழுதிய வரியில் ‘ஓதிடு’ என்று சீர் முடிகிறது, சொல் முடியவில்லை. அங்கே மூச்சு வாங்கினால் ‘வோமே’ அநாதையாகிவிடும். ‘நூலினை’ என்ற இடத்தில் சொல்லும் பொருளும் ஒருசேர நிற்கின்றன, சின்னக் குழந்தைகள் அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியின் நடுவிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிதானமான காலத்தில் எட்டுத் தட்டையும் ஒரே மூச்சில் பாட ஆறு வயதுக்கு முடியாது.

பள்ளியின் பெயரை மெட்டுக்குள் திணிப்பது

சந்தத்தில் விழாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்கு சரணம்

இரண்டு போதும்.