கட்டிலிலிருந்து கமோடு வரை: வீட்டுப் பெரியவர் விழாமலிருக்கச் செய்யவேண்டிய வேலைகள்

வயதானவருக்காக வீட்டை மாற்றுவது என்றதும் பலர் கடைக்குப் போய் ஒரு ரப்பர் பாயும் இரண்டு கைப்பிடியும் வாங்கி வந்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரவில் அவர் கட்டிலை விட்டு எழுந்து பாத்ரூம் போய்த் திரும்பும் பாதையை, அவரையே நடக்கச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். எந்தெந்த இடத்தில் கை எதையாவது தேடுகிறது என்பதைக் கவனியுங்கள். நடக்கும்போது மட்டுமல்ல, எழும்போது, திரும்பும்போது, படி இறங்கும்போது, உட்காரும்போதும் தடுமாற்றம் வருகிறது. கை தேடும் இடங்களில் பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். இனி வரும் வேலை முழுக்க அந்தக் கோடுகளைச் சுற்றித்தான்.

உதாரணத்துக்கு ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். வயது 74, உயரம் 150 செ.மீ., முழங்கால் வலி உண்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். பாத்ரூமில் கமோடு இருக்கிறது, வாளியும் மக்கும் வைத்துக் குளிக்கிறார்.

1. கட்டில்

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பாதம் தொங்கினால் கட்டில் அதிக உயரம். முழங்கால் இடுப்பைவிட மேலே வந்தால் அதிகத் தாழ்வு. தாழ்வான கட்டிலுக்குக் கால்களின் அடியில் மரக்கட்டை கொடுக்கலாம். ஆனால் கட்டில் கால் உட்காரும்படி கட்டையில் குழி வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டில் நகர்ந்து கட்டை நழுவிவிடும்.

எழுந்தவுடன் நடக்கக் கூடாது. படுத்திருந்து சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும். பிரஷர் மாத்திரையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்காகத் தரும் சில மாத்திரைகளும் இதை அதிகமாக்கும். காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துமுறை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் அதை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விளக்கு சுவிட்சு படுத்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறிய எல்இடி விளக்கு போதும். அதைக் கண்மட்டத்தில் மாட்டாமல் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். தரை தெரிய வேண்டும், கண் கூசக் கூடாது. சார்ஜ் ஏற்றும் வகையை வாங்கினால் மின்வெட்டின்போதும் எரியும்.

2. பாதையும் பாத்ரூம் வாசலும்

இங்கே வாங்குவதைவிட எடுப்பதுதான் வேலை. பழைய சேலையிலும் துண்டிலும் செய்த கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். மொசைக்கிலும் டைல்ஸிலும் அவை வழுக்கிக்கொண்டு போகும். கால்மிதி வேண்டுமென்றால் அடியில் ரப்பர் ஒட்டியதாக, ஓரம் சுருளாததாக இருக்கட்டும். டேபிள் ஃபேன் வயர் பாதையைக் கடந்தால் சுவரோரமாகக் கிளிப் அடித்துவிடுங்கள்.

பாத்ரூம் தரை வெளித்தரையைவிட ஓரிரு இன்ச் இறங்கியிருப்பது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே நிற டைல்ஸ் போட்டிருந்தால், கண்புரை உள்ளவருக்கு அந்த இறக்கம் தெரியவே தெரியாது. விளிம்பில் தரைக்கு எதிரான நிறத்தில், சொரசொரப்பான ஒட்டுப்பட்டை ஒன்று ஒட்டுங்கள். நிலைக்குப் பக்கத்துச் சுவரில் 12 இன்ச் கைப்பிடி ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் அதே கம்பிதான் உதவும்.

கதவு உள்பக்கமாகத் திறந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. தச்சரை வைத்துக் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள். உள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டைப் போடுங்கள். தாழ்ப்பாளே இல்லாவிட்டால் கூச்சத்தில் நாற்காலியையோ வாளியையோ கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், அது இன்னும் மோசம்.

3. கமோடும் கைப்பிடியும்

முதலில் உயரம். பாட்டியை வழக்கமான செருப்போடு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்தால் 40 செ.மீ. வருகிறது. கமோடு இருக்கையும் 40 செ.மீ. உயரம்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு இருக்கை அந்த அளவைவிட 5 செ.மீ. உயரமாக இருந்தால் எழுவது எளிது. ஆகவே கமோடின் மேல் பொருத்தும் உயர்த்தியில் 2 இன்ச் அளவு இவருக்குச் சரி. கடையில் கிடைக்கிறதே என்று 4 இன்ச் வாங்கினால் இருக்கை 50 செ.மீ. ஆகிவிடும். கால் தொங்கி, இறங்கும்போது முன்னால் சறுக்குவார். எந்த உயர்த்தியாக இருந்தாலும் இருபக்கமும் திருகி இறுக்கும் கவ்வி இருக்க வேண்டும், சும்மா மேலே வைப்பது ஆகாது. தரைமட்டக் கழிப்பறை என்றால், நடுவில் துளையுள்ள கமோடு ஸ்டூலை அதன்மேல் வைக்கலாம். அதன் நான்கு கால்களிலும் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

இனி கைப்பிடி. டவல் ராடு கைப்பிடி ஆகாது. அது ஈரத்துண்டைத் தாங்கச் செய்தது, ஆள் இழுத்தால் திருகோடு வந்துவிடும். காற்று உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியும் வேண்டாம். டைல்ஸ் இணைப்பில் மெல்லக் காற்று புகுந்து, எப்போது கழலும் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும். 304 ரக ஸ்டீலில், 32 முதல் 38 மி.மீ. தடிமனில், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை இன்ச் இடைவெளி இருப்பதாக வாங்குங்கள். வழவழப்பானதைவிடச் சொரசொரப்பான பிடி ஈரக்கைக்கு நல்லது.

பாட்டிக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கமோடை ஒட்டிய சுவரில் படுக்கைவாட்டில் 24 இன்ச் கம்பி. இதை ஊன்றித்தான் எழுவார். இன்னொன்று, கமோடின் முன்விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் செங்குத்தாக ஒன்று. எழுந்து நின்றதும் நிலைப்படுத்திக்கொள்ள இது. படுக்கைக் கம்பியின் உயரத்துக்கு எளிய அளவு: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டம். 150 செ.மீ. உயரமானவருக்கு அது சுமார் 28 இன்ச் வரும். பிளம்பர் வழக்கமாக வைக்கும் உயரத்தில் விட்டால் தோளைத் தூக்கி ஊன்ற வேண்டியிருக்கும். டேப்பை ஒட்டி, பாட்டியை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்த பிறகே துளை போடச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள், தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. குழாய்க்கும் கீசருக்கும் நேர்மேலே, நேர்கீழே உள்ள சுவரில் தண்ணீர் பைப் ஓடும், அந்த இடங்களைத் தவிர்க்கவும். டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸைத் துளைக்கும்வரை சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு டிரில் போட வேண்டும், இல்லையென்றால் டைல்ஸ் விரியும். டைல்ஸும் பூச்சும் சேர்ந்தே ஒரு இன்ச் போய்விடும். அதற்குப் பின்னாலுள்ள செங்கல்லில்தான் பிடிமானம், ஆகவே திருகு மூன்று இன்ச் நீளமாவது வேண்டும். கைப்பிடியோடு டப்பாவில் வரும் திருகு பெரும்பாலும் சிறியது, பூச்சோடு நின்றுவிடும். துளையிலிருந்து சிவப்புத் தூள் வந்தால் செங்கல்லை எட்டிவிட்டது. டிரில் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் அது ஹாலோ பிளாக் சுவர். அங்கே சாதாரண பிளக் பிடிக்காது, ரசாயனப் பசை ஊற்றி நிறுத்தும் ஆங்கர் தேவை. ஸ்டீல் திருகே போடுங்கள், இரும்புத் திருகு ஈரத்தில் உள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் தலை மட்டும் கையோடு வரும்.

முடிந்ததும் வீட்டில் கனமானவர் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்து முழு எடையையும் போட்டு இழுக்க வேண்டும். தகடு இம்மியளவு அசைந்தாலும் கழற்றி வேறு துளையில் மறுபடி போடுங்கள். தளர்ந்த கைப்பிடி, இல்லாத கைப்பிடியைவிட ஆபத்து. அதை நம்பி எடையைப் போட்டுவிடுவார்கள்.

4. குளிக்கும் இடம்

டைல்ஸ் வழுக்குவதற்குத் தண்ணீரைவிடச் சோப்புப் படலமே பெரிய காரணம். வாரம் இருமுறை பிரஷ்ஷும் பாத்திரம் துலக்கும் திரவமும் போட்டுத் தேய்த்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஆசிட் ஊற்றாதீர்கள், டைல்ஸ் இணைப்பை அரித்துவிடும். எண்ணெய்க் குளியல் நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதைப் பாத்ரூமுக்கு வெளியே நாற்காலியில் முடித்து, பாதத்தைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே அனுப்புங்கள். குளித்த பிறகு தரையில் சீயக்காயைத் தூவித் தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப்பசை விடும்.

அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ள ரப்பர் பாய் வழவழப்பான டைல்ஸில் மட்டுமே ஒட்டும். சொரசொரப்பான டைல்ஸில் அதுவே சறுக்கும். வாங்கி விரித்ததும் காலால் ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அந்தத் தரைக்கு அது ஆகாது.

நின்று குளிப்பதை நிறுத்தி உட்கார்ந்து குளிக்கச் செய்யுங்கள். சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் ஈரத்தில் கால் விரியும். முதுகும் கைதாங்கியும் ரப்பர் புஷ்ஷும் உள்ள குளியல் நாற்காலி வேண்டும். வாளியைத் தரையில் வைக்காமல் உறுதியான பலகையின் மேல் முழங்கால் உயரத்தில் வையுங்கள். குனிந்து குனிந்து மொண்டு நிமிரும்போதுதான் தலை சுற்றும். நைட்டி, லுங்கி, சேலையின் கீழ் ஓரம் தரையிலிருந்து இரண்டு இன்ச் மேலே நிற்கட்டும்.

5. செருப்பு

வீட்டுக்குள் போடும் ஹவாய்ச் செருப்பில் பின்பட்டை இல்லை. அது கழன்றுவிடாமலிருக்க விரலால் கவ்விக்கொண்டு, காலைத் தூக்காமல் இழுத்து நடக்கிறார்கள். அந்த இழுப்பில்தான் நிலைப்படி தட்டுகிறது. பின்பட்டையும் முன்னே ஒட்டுப்பட்டியும் உள்ள செருப்பாகப் பாருங்கள். குதிகால் உயரம் ஒரு இன்ச்சுக்குள், அடிப்பாகம் மெலிந்தும் உறுதியாகவும் இருக்கட்டும். மெத்தென்று அமுங்கும் தடித்த செருப்பு காலுக்குச் சுகம், ஆனால் தரை காலுக்குத் தெரியாது. சர்க்கரை நோயாளிக்குக் காயம் வராமலிருக்க எம்சிஆர் என்ற மென்மையான ரப்பரில் செய்த செருப்பைச் சொல்வார்கள், அதிலும் பின்பட்டை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். வெறும் சாக்ஸோடு டைல்ஸில் நடக்க விட வேண்டாம்.

அளவை மாலையில் பாருங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன் அரை விரல்கடை இடம் போதும்.

பலரும் கவனிக்காத ஒன்று பாத்ரூமுக்கென்று வாசலில் தனிச் செருப்பு வைக்கும் பழக்கம். அதை மாற்றிப்போட இரவில் இருட்டில், இறக்கத்தின் விளிம்பில், ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கிறது. வழக்கத்தை விடமாட்டார் என்றால் வாசலுக்கு வெளியே கைதாங்கியுள்ள நாற்காலி ஒன்று போட்டு, உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். குதிகால் பக்கத்தில் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான்.