சூரிய ராசி மட்டும் போதுமா? மேற்கத்திய சோதிடத்தில் லக்னம், சூரியன், சந்திரன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பிறந்த தேதியை மட்டும் வைத்து ‘நீங்கள் ரிஷபம்’, ‘நீங்கள் சிம்மம்’ என்று சொல்லும் வழக்கம் மேற்கத்திய சோதிடத்தில் மிகவும் பிற்பட்டது. 1930 ஆகஸ்டில், அப்போது பிறந்திருந்த பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டின் பலனை ஆர். எச். நேலர் என்ற சோதிடர் லண்டனின் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ இதழில் எழுதினார். அது வாசகர்களிடையே பெற்ற வரவேற்பைத் தொடர்ந்துதான் பத்திரிகைகளில் சூரிய ராசிப் பத்திகள் பெருகின. நாளிதழ் வாசகர் எவரும் தம் பிறந்த தேதியை அறிவார். பிறந்த நேரத்தைப் பலர் அறியமாட்டார்கள். சூரிய ராசி முன்னுக்கு வந்ததற்கு இந்த வசதியே முக்கியக் காரணம். அதற்கு முன்பும் இன்றும், முறையாகப் பயின்ற சோதிடர்கள் லக்னம், சூரியன், சந்திரன் மூன்றையும் சேர்த்தே வாசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த ஒப்பீட்டை ஒரே ஒரு சாதகத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக மார்கரெட்டின் அக்கா, இரண்டாம் எலிசபெத் அரசியின் சாதகத்தை எடுத்துக்கொள்வோம். அவர் 1926 ஏப்ரல் 21 அன்று அதிகாலை 2.40 மணிக்கு லண்டனின் மேஃபேர் பகுதியில் பிறந்தார். தேதி, நேரம், இடம் மூன்றும் பொதுவில் பதிவானவை என்பதால் எவரும் கணித்துச் சரிபார்க்கலாம்.

முதல் படி: மூன்றின் வேகத்தை அறிதல்

சூரியன் ஒரு நாளில் ஏறத்தாழ 1 பாகை நகர்கிறது. ஆகவே ஒரு ராசியில் ஒரு மாதம் இருக்கிறது. சந்திரன் ஒரு நாளில் சராசரியாக 13 பாகை நகர்ந்து, இரண்டேகால் நாளில் ஒரு ராசியைக் கடக்கிறது. லக்னம் என்பது பிறந்த நொடியில் கிழக்குத் தொடுவானில் எழும் ராசிப் புள்ளி. அது ஒரே நாளில் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றி வந்துவிடுகிறது. சராசரி கணக்கில் ஒரு ராசிக்கு இரண்டு மணி நேரம் என்றாலும், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக இந்தச் சராசரி பொய்த்துப் போகிறது. லண்டனின் அட்சரேகையில் மேஷம் எழ ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. துலாம் எழவோ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது.

ஆக, தேதி சரியாக இருந்தால் சூரிய ராசி பெரும்பாலும் சரியாக வந்துவிடும். நேரத்தில் சிறிது பிசகு இருந்தாலும் சந்திர ராசி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். லக்னம் மட்டும் தாங்காது.

இரண்டாம் படி: சாதகத்தைக் கணித்தல்

இணையத்தில் கிடைக்கும் எந்த நல்ல கணிப்பு மென்பொருளும் போதும். ஆனால் இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ராசிச் சக்கரத்தின் வகை. மேற்கத்திய முறை வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து அளக்கும் சாயன முறை. மென்பொருளில் ‘Tropical’ என்று இருக்க வேண்டும். ‘Sidereal’ என்பது நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட நிரயன முறை. இரண்டுக்கும் இடையே இன்று ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு இருப்பதால், நிரயன சாதகத்திலிருந்து லக்னத்தையும் சாயனத்திலிருந்து சூரியனையும் எடுத்துச் சேர்ப்பது, அடியில் அளந்ததையும் மீட்டரில் அளந்ததையும் கூட்டுவது போன்றதாகும்.

இரண்டாவது, கோடைகால நேரம். பிரிட்டனில் 1926 ஏப்ரல் 21 அன்று கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன, ஆகவே 2.40 என்பது கிரீன்விச் நேரப்படி 1.40. இதைக் கணக்கில் எடுத்தால் கிடைப்பவை: சூரியன் ரிஷபத்தில் 0 பாகை 12 கலை, சந்திரன் சிம்மத்தில் 12 பாகை, லக்னம் மகரத்தில் 21 பாகை. கோடைகால நேரத்தை மறந்து கிரீன்விச் நேரமே 2.40 என்று இட்டால், சூரியன் அசைந்ததாகவே தெரியாது. சந்திரனும் அரைப் பாகைதான் நகர்ந்திருக்கும். லக்னமோ மகரத்தை விட்டுக் கும்பத்தில் 13 பாகைக்குப் போய்விடும். சூரியனும் சந்திரனும் சரியாகவே தெரிவதால் பிழை கண்ணில் படாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மென்பொருள் காட்டும் கிரீன்விச் நேரத்தை (பெரும்பாலும் ‘UT’ அல்லது ‘GMT’ என்று இருக்கும்) ஒருமுறை கையால் கழித்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: எல்லைகளைப் பார்த்தல்

ராசியின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளாமல் பாகையையும் குறித்துக்கொள்ளுங்கள். எலிசபெத்தின் சூரியன் ரிஷபத்தில் நுழைந்து ஐந்து மணி நேரமே ஆகியிருந்தது. முந்தைய நாள் மாலை பிறந்திருந்தால் அவர் மேஷம். இப்படி எல்லையில் இருப்பவர்களை ‘இரண்டு ராசிகளின் கலவை’ என்று சொல்லும் பழக்கம் உண்டு. கணிதப்படி அதற்கு இடமில்லை: சூரியனின் மையம் கோட்டின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பத்திரிகைகளில் அச்சிடப்படும் தேதி எல்லைகள் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் வரை மாறக்கூடியவை என்பதால், எல்லையில் பிறந்தவர்கள் அவற்றை நம்பாமல் தம் பிறந்த ஆண்டுக்கே கணிக்க வேண்டும்.

நான்காம் படி: மூன்றுக்கும் தனித்தனி வேலை கொடுத்தல்

தொடக்க நிலையில் இருப்பவர்கள் மூன்று ராசிகளின் குண விவரணைகளையும் படித்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாக் குணங்களும் எல்லாருக்கும் உண்டு என்ற இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். மேற்கத்திய மரபு மூன்றுக்கும் வெவ்வேறு கேள்விகளை ஒதுக்குகிறது. ஒருவர் எதை நோக்கி வளர முயல்கிறார் என்பதைச் சூரியனிடம் கேட்கிறார்கள். எது கிடைத்தால் மனம் அமைதியடைகிறது, யோசிக்காமல் எப்படி எதிர்வினை ஆற்றுகிறார் என்பதைச் சந்திரனிடம் கேட்கிறார்கள். புதிய சூழலுக்குள் எப்படி நுழைகிறார், பிறர் கண்ணுக்கு முதலில் எப்படித் தெரிகிறார் என்பது லக்னத்தின் பொறுப்பு.

எலிசபெத்தின் சாதகத்தில் இதைப் பொருத்தினால், ரிஷப சூரியனுக்கு நிலைத்தன்மையும் தொடர்ச்சியும் இலக்கு. சிம்மச் சந்திரனுக்கு மதிக்கப்படுவதும் மனத்தைத் தாராளமாக வெளிப்படுத்துவதும் தேவை. மகர லக்னத்தின் நடைமுறை கட்டுப்பாடும் கடமையும் சார்ந்த ஒதுக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியம் போதும். இந்தப் படியில் நீளமாக எழுதுவது அடுத்த படியைக் கெடுத்துவிடும் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: இரண்டிரண்டாக ஒப்பிடுதல்

முறையின் சாரம் இந்தப் படியில்தான் இருக்கிறது. மூன்று ராசிகளிலிருந்து மூன்று இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு கேள்விகள்: இரண்டும் ஒரே பூதத்தைச் சேர்ந்தவையா? இரண்டும் ஒரே இயல்பைச் சேர்ந்தவையா? பூதங்கள் நெருப்பு, நிலம், காற்று, நீர் என நான்கு; இயல்புகள் சரம், ஸ்திரம், உபயம் என மூன்று.

சூரியனும் லக்னமும்: ரிஷபம், மகரம் இரண்டும் நில ராசிகள், ஒன்றுக்கொன்று முக்கோணத்தில், அதாவது 120 பாகை உறவில் இருப்பவை. உள்ளே நாடுவதும் வெளியே காட்டுவதும் ஒரே திசையில் செல்கின்றன என்று இதை வாசிக்கிறார்கள். இப்படிப்பட்டவரை முதல் சந்திப்பில் பார்த்தவரும் நெடுநாள் பழகியவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி விவரிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு.

சூரியனும் சந்திரனும்: ரிஷபமும் சிம்மமும் இரண்டுமே ஸ்திர ராசிகள், ஆனால் நிலமும் நெருப்பும் வேறு, 90 பாகை உறவு. இரண்டும் விட்டுக்கொடுக்காதவை, வேண்டுவதோ வெவ்வேறு. ஆனால் இங்கே பாகை உதவிக்கு வருகிறது. ராசிகளுக்கு இடையே 90 பாகை என்றாலும், கோள்களுக்கு இடையிலான உண்மையான தூரம் ஏறத்தாழ 102 பாகை. பலர் ஏற்கும் எட்டு அல்லது பத்துப் பாகை வரம்புக்கு வெளியே அது போய்விடுவதால், இழுபறி உண்டு, ஆனால் கூர்மையானது அன்று என்றே எழுத வேண்டும். சிம்மத்தின் அதிபதி சூரியனே என்பதையும் சேர்த்துக்கொண்டால், சந்திரனின் தேவை ரிஷப சூரியனின் வழியாகவே, அதாவது நிதானமாகவும் காலம் கடத்தியும் நிறைவேறும் என்று வாசிக்கலாம்.

சந்திரனும் லக்னமும்: சிம்மம் நெருப்பு, ஸ்திரம், மகரம் நிலம், சரம். பூதமும் பொருந்தவில்லை, இயல்பும் பொருந்தவில்லை. மூன்று இணைகளில் இதுவே அதிகம் சொல்வது, ஏனெனில் மனம் கேட்கும் வெளிப்பாடும் முகம் காட்டும் ஒதுக்கமும் பொதுவான எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை. உள்ளே இருக்கும் உற்சாகத்தைப் புதியவர்கள் ஊகிக்கவே முடியாது என்று சோதிடர் இங்கே எழுதுவார். லக்னாதிபதி சனி விருச்சிகத்தில் சாதகத்தின் உச்சிப் புள்ளிக்கு இரண்டு பாகைக்குள் நிற்பதால், அந்த ஒதுக்கத்துக்குப் பொதுப் பொறுப்பின் நிறமும் சேர்கிறது.

ஆறாம் படி: ஒன்றை மாற்றிப் பார்த்தல்

ஒப்பீட்டைப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அதே நாள், அதே லண்டன், ஆனால் நண்பகல் 12 மணிக்கு ஒரு குழந்தை பிறந்ததாகக் கணியுங்கள். சூரியன் இன்னும் ரிஷபத்தின் முதல் பாகையில்தான். சந்திரன் ஐந்து பாகை முன்னேறிச் சிம்மத்திலேயே இருக்கிறது. லக்னம் சிம்மத்தின் 6 பாகை. இப்போது சந்திரனும் லக்னமும் ஒரே ராசி. முந்தைய சாதகத்தில் தொடர்பே இல்லாதிருந்த இணை இங்கே முழுமையாக ஒன்றிவிட்டது; அங்கே இசைந்திருந்த சூரியனும் லக்னமும் இங்கே 90 பாகை உறவுக்கு வந்துவிட்டன. லக்னாதிபதியும் சனியிலிருந்து சூரியனுக்கு மாறிவிட்டது. உணர்ச்சி முகத்தில் உடனே தெரியும், ஆனால் நோக்கம் மெதுவாகவே வெளிப்படும் என்று வாசிப்பு தலைகீழாகிறது. பத்திரிகைப் பத்தியில் இருவரும் ஒரே ரிஷபம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. புகழ்பெற்றவரின் வாழ்க்கையை அறிந்துகொண்டே அவர் சாதகத்தை வாசிக்கும்போது எதுவும் பொருந்துவதாகத் தோன்றும். மேலே சனியைப் பற்றி எழுதியதிலும் அந்தச் சலுகை இருக்கிறது. 1985இல் ஷான் கார்ல்சன் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையில், சோதிடர்களால் சாதகங்களை உரியவர்களின் ஆளுமைக் குறிப்புகளோடு தற்செயலுக்கு மேல் பொருத்த இயலவில்லை. ஆகவே இதை ஒரு மரபின் வாசிப்பு முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாதவரின் சாதகத்தை வாசிக்கும்போது, அவரிடம் பேசுவதற்கு முன்பே மூன்று இணைகளுக்கும் உரிய வாக்கியங்களை எழுதி வைத்துவிடுங்கள், பிறகு திருத்தாதீர்கள்.

பிறந்த நேரம் தெரியாவிட்டால்

பல மென்பொருள்கள் நேரம் இல்லாதபோது நண்பகலைத் தாமே இட்டுக்கொண்டு, ஒரு லக்னத்தையும் காட்டிவிடும். அந்த லக்னத்துக்கு எந்த மதிப்பும் இல்லை, அதை அடித்துவிடுங்கள். அந்த நாளின் தொடக்கத்துக்கு ஒருமுறையும் முடிவுக்கு ஒருமுறையும் கணித்து, இரண்டிலும் சந்திரன் ஒரே ராசியில் இருந்தால் சூரியன்–சந்திரன் இணையை மட்டும் வாசிக்கலாம். இடையில் சந்திரன் ராசி மாறியிருந்தால் இரண்டு வாசிப்புகளையும் எழுதி, எது உரியது என்று முடிவு செய்யாமலே விட்டுவிட வேண்டும். குணத்தைப் பார்த்து ராசியைத் தேர்ந்தெடுத்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.